வழியில் இருக்கும் நெல்

(கிடங்குக் கணக்கு – தொடர், பகுதி 9)

போன வாரம் நெல்லைத் தராசு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினோம். விவசாயி ரசீதை வாங்கி மடித்து வைத்துவிட்டார். சிப்பம் தைத்து, அட்டியில் ஏற்றியாகிவிட்டது. இனி அது அவருடைய நெல் அல்ல, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல். அங்கிருந்து லாரி ஏறிக் கிடங்குக்குப் போகவேண்டும். திட்டக்குடி பக்கத்து நிலையம் ஒன்றிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் பக்கத்துக் கிடங்கு ஒன்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பயணத்தில் ஒரு விசேஷம் உண்டு. கொள்முதல் நிலையமும் கிடங்கும் 1972-இல் தொடங்கிய ஒரே கழகத்தின் இரண்டு கிளைகள். நெல் இடம் மாறுகிறதே தவிர யாரும் யாருக்கும் விற்கவில்லை. விற்பனை என்றால் வாங்குகிறவர் தன் காசுக்காகவாவது எண்ணிப் பார்ப்பார், எடைபோட்டுப் பார்ப்பார். இங்கே இரண்டு பக்கமும் சம்பளக்காரர்கள். அந்தக் காசின் கண் இல்லாத இடத்தில்தான் கிளை மாற்றக் கணக்கு உட்கார்ந்து வேலை செய்யவேண்டும்.

எளிய கணக்கு ஒரே வரியில் முடியும்: இங்கே 250 சிப்பம் கழிவு, அங்கே 250 சிப்பம் வரவு. ஊரில் உரக்கடைக்காரர் தன் இரண்டு கடைகளுக்கு இடையில் இப்படித்தான் எழுதுகிறார். டேலியில் ஒரே `Stock Journal` பதிவில் ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். லாரி அப்போது பெண்ணாடத்தில் டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தாலும் கணினியைப் பொறுத்தவரை மூட்டை சிதம்பரத்தில் இறங்கிவிட்டது. அங்கே உள்ளவர் இருப்பு இருப்பதாக நம்பி ஆர்டர் எடுப்பார், போய்ப் பார்த்தால் வெறும் தரை. சரி, வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால், அதுவரை அனுப்பிய கிளையின் கணக்கில் இல்லாத நெல் இருந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத் தணிக்கைக்காரர் வந்தால் பட்டியல் எழுத்தர் பாடு திண்டாட்டம்.

ஆகவே மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். சுவரோ கூரையோ இல்லாத, கணக்கில் மட்டும் இருக்கும் ஒரு கிடங்கு. அதன் பெயர் ‘வழியில்’. லாரி கிளம்பும்போது நெல் நிலையத்திலிருந்து ‘வழியில்’ கிடங்குக்கு மாறும். இறங்கியபின் ‘வழியில்’ கிடங்கிலிருந்து சிதம்பரத்துக்கு மாறும். முதல் பதிவை அனுப்புகிறவர் போடுவார், இரண்டாவதைப் பெறுகிறவர் போடுவார். ஒருவரே இரண்டையும் போட முடியாது. வணிக மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கிறது. உதாரணத்துக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்டில் மாற்றப் பதிவில் `Add to Transit` என்ற கட்டத்தை டிக் செய்தால் சரக்கு `Goods In Transit` கிடங்கில் போய் நிற்கும். பிறகு `End Transit` பொத்தான் வழியாக இரண்டாவது பதிவு உருவாகும். டேலிக்காரர்கள் ‘வழியில்’ என்று ஒரு குடோனைத் தாங்களே திறந்து, ஒரு பதிவை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

இதுவரை மென்பொருள் விற்கிறவரே சொல்லிவிடுவார். நெல்லை ஏற்றிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

சிப்பம் ஒன்றுக்கு நெல் 40 கிலோ. சணல் சாக்கு சுமார் 580 கிராம். ஆறு சக்கர லாரியில் 250 சிப்பம் என்றால் நெல் 10,000 கிலோ, சாக்கு 145 கிலோ. நெல் வாங்கியபோது ஈரப்பதம் 17 சதவீதம். வழக்கமான மத்திய விதிப்படி அதுதான் உச்சம். மழைக்காலங்களில் இதைத் தளர்த்தியதும் உண்டு, அது தனிக் கதை. சம்பா அறுவடை உச்சத்தில் லாரி உடனே கிடைக்காது. அட்டி வெயிலில் காத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து லாரி வரும்போது ஈரப்பதம் 15-க்கு இறங்கியிருக்கிறது என்று கொள்வோம். உள்ளே இருக்கும் உலர்ந்த நெல்லின் அளவு மாறவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. கணக்கு இப்படி:

```
10,000 × (100 − 17) ÷ (100 − 15) = 9,765 கிலோ
```

235 கிலோ காற்றோடு போய்விட்டது. மூட்டை ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திருட்டு இல்லை, சிதறல் இல்லை, எலிகூட இல்லை. 2024-25 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹2,300. அந்தக் கணக்கில் ஒரே லாரியில் ₹5,400 ஆவியாகிவிட்டது.

நிலையத்தில் எடைமேடை கிடையாது. ஊர்ப்புறத்து நிலையங்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே லாரிச் சீட்டில் என்ன எழுதுவார்கள்? 250 பெருக்கல் 40, பத்தாயிரம் கிலோ. கணினியிலும் ‘வழியில்’ கிடங்கில் பத்தாயிரம் ஏறிவிடும். சிதம்பரத்தில் எடைமேடை இருக்கிறது. சுமையோடு ஒரு முறை, இறக்கிய பின் வெறும் லாரியாக ஒரு முறை எடை பார்க்கிறார்கள். வித்தியாசம் 9,890. சாக்கு 145 போக நெல் 9,745. ‘வழியில்’ கிடங்கில் 255 கிலோ மிஞ்சி நிற்கிறது.

யாரைக் கேட்பது? லாரிச் சீட்டைப் பார்த்தால் ஓட்டுநர் பதில் சொல்லவேண்டும். அவர் பொறுப்பில்தானே காணாமல் போயிருக்கிறது. அவரோ, “மூட்டை 250, எண்ணி இறக்கியாச்சு, தையல் பிரியல” என்பார். அதில் பொய் இல்லை. கிடங்குக்காரர் தன் எடைமேடைச் சீட்டை நீட்டுவார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் பாரம் வந்து விழுவது பட்டியல் எழுத்தர் தலையில். லாரி தாமதமாகி நெல் காய்ந்து எடை குறைந்தால் அந்தத் தொகையைத் தங்களிடம் பிடிக்கிறார்கள் என்பது கொள்முதல் நிலையப் பணியாளர்களின் நெடுநாள் புகார். என் பார்வையில் அந்தப் புகாரில் பாதி, கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. குறைவு நடந்தது அட்டியில். கணக்கு அதைச் சாலையில் நடந்ததாகக் காட்டுகிறது.

இதற்கு மருந்து, புறப்படும்போதே ஓர் எடை. நிலையத்தில் மேடை இல்லாவிட்டாலும் போகிற வழியில் தனியார் எடைமேடை இருக்கும். ஏற்றும் முன் வெறும் லாரி, ஏற்றிய பின் சுமை லாரி. வித்தியாசம் 9,910 என்று சீட்டு வருகிறது. சாக்கைக் கழித்தால் 9,765. உடனே ஈரப்பதம் பார்க்கும் கருவியில் நாலைந்து மூட்டை மாதிரி: 15. இப்போது இரண்டு பதிவுகள் போடவேண்டும். முதலாவது, நிலையத்திலேயே உலர்வுக் குறைவு 235 கிலோ, காரணத்தோடும் ஈரப்பத எண்ணோடும். இரண்டாவது, ‘வழியில்’ கிடங்குக்கு 9,765. சிதம்பரத்தில் 9,745 இறங்கினால் வழியில் நிற்பது 20 கிலோ மட்டும். எடைமேடை பொதுவாக 5 அல்லது 10 கிலோப் படிகளில்தான் காட்டும். இரண்டு வேறு மேடைகளில் மொத்தம் நான்கு முறை நிறுத்திய கணக்கில் 20 கிலோவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் அர்த்தமில்லை. முதலில் தெரிந்த 255-இல் இந்தப் பயணத்துக்கு உரியது அவ்வளவுதான்.

இப்போது பெறுகிறவர் பக்கம் வருவோம். அவர் உறுதிசெய்ய வேண்டியவை மூன்று எண்கள்: சிப்பம், எடை, ஈரப்பதம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதே 9,745 கிலோ வந்து, ஈரப்பதம் மட்டும் இன்னும் 17 என்று காட்டினால் கதையே வேறு. அப்போது நெல் காயவில்லை. வாங்கிய பத்தாயிரத்தில் ஆறு மூட்டைக்கு மேற்பட்ட நெல் நிஜமாகவே எங்கோ போயிருக்கிறது. மூட்டை எண்ணிக்கை 250 சரியாக இருப்பதால் சந்தேகம் தீராது. பத்திருபது மூட்டைகளைத் தனித்தனியாகத் தராசில் வைக்கவேண்டும். ஓரிரண்டு மூட்டை மட்டும் ரொம்ப இளைத்திருந்தால் கொக்கி கிழித்தது அல்லது தையல் விட்டது. பல மூட்டைகளும் ஒரே அளவாகக் குறைந்து, ஈரமும் இறங்காமல் இருந்தால் யாரோ ஒவ்வொன்றிலும் கை வைத்திருக்கிறார்கள், இல்லையேல் வாங்கும்போதே எடை தவறு.

இன்னொன்று, கொஞ்சம் வில்லங்கமானது. 15-இல் கிளம்பிய 9,765 கிலோ நெல் வழியில் நனைந்து ஈரப்பதம் 17-ஆக ஏறினால் எடை மறுபடி சரியாகப் பத்தாயிரம். தார்ப்பாய் கிழிந்து மழை பட்டாலும் இப்படி ஆகும், குறைவை மறைக்க யாராவது தண்ணீர் தெளித்தாலும் இப்படி ஆகும். லாரிச் சீட்டில் பத்தாயிரம், மேடையிலும் பத்தாயிரம் என்று அழகாகப் பொருந்தினால் நான் முதலில் ஈரம் பார்க்கச் சொல்வேன். குறைவாக வந்த நெல்லையாவது அரைக்கலாம். நனைந்த நெல்லை அப்படியே அட்டியில் அடுக்கினால் உள்ளே சூடேறி, பக்கத்து மூட்டைகளையும் கறுக்கவைக்கும்.

பெறுகைத் திரையை வடிவமைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பிய எடையைப் பெறுகைக் கட்டத்தில் முன்கூட்டியே நிரப்பிவைக்காதீர்கள். லாரிகள் வரிசையாக நிற்கும் மாலை நேரத்தில் எழுத்தர் என்ன செய்வார்? இருக்கிற எண்ணுக்கே சரி என்று அழுத்திவிட்டு அடுத்த லாரியைப் பார்ப்பார். கட்டம் காலியாக இருந்தால் எடைமேடைச் சீட்டைப் பார்த்தாவது தட்டவேண்டும். வித்தியாசம் இருந்தால் அது தானாக மறையக்கூடாது. யாராவது காரணம் எழுதி, மேலே உள்ளவர் ஒப்புக்கொள்ளும் வரை ‘வழியில்’ கிடங்கில் அந்த லாரிச் சீட்டு எண்ணோடு நிற்கவேண்டும். அதேபோல் ‘வந்து சேர்ந்தது’ வேறு, ‘இறக்கிப் பெறப்பட்டது’ வேறு. கிடங்கு வாசலில் இரண்டு இரவு நிற்கும் லாரியை வந்துவிட்டதாகக் கணக்கில் காட்டினால், அந்த இரண்டு இரவுக்கும் பொறுப்பானவர் யாரும் இல்லாமல் போவார்.

பெறுகிறவர் தாட்சண்யம் பார்த்துப் பத்தாயிரம் என்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் எழுத்தர் தெரிந்தவர், பாவம், சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி. ‘வழியில்’ கிடங்கு பூஜ்யம். அந்த நெல் அடுத்து அரவைக்குப் போகிறது. புழுங்கல் என்றால் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி தரவேண்டும் என்பது கணக்கு. பத்தாயிரத்துக்கு 6,800 கிலோ. உண்மையில் போன 9,745-க்கோ 6,627 கிலோதான். 173 கிலோ அரிசி எங்கே என்று கேட்கும்போது எந்த லாரி, எந்த நிலையம், எந்த நாள் என்பதெல்லாம் அழிந்திருக்கும்; ஆலைக்காரர் ஒருபக்கமும் கிடங்குக்காரர் மறுபக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த 68 சதவீதம் எப்படி வந்தது, காய்ந்த நெல்லுக்கும் ஈர நெல்லுக்கும் அதே எண் பொருந்துமா என்பதை அடுத்த வாரம் ஆலைக்குள் போய்ப் பார்ப்போம்.

(தொடரும்)