எலும்பு கூடிவிட்டது, பிறகு ஏன் இந்தக் குறை?

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி உரசி பைக்கிலிருந்து விழுந்தவர் அவர். வயது 34. இடுப்பெலும்பு முறிவு, கூடவே சிறுநீர்க் குழாயும் அறுந்திருந்தது. எட்டு மாதம் கழித்து மனைவியோடு என்னிடம் வந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், அந்த அம்மாள்தான் பேசினார்.

"எலும்பு சேர்ந்துடுச்சு டாக்டர். யூரின் குழாய்க்கும் ஆபரேஷன் பண்ணிட்டாங்க. ஆனா..." அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை. கையில் ஒரு லேகிய டப்பா.

விஷயம் இதுதான். சிறுநீர்ப் பைக்குக் கீழே, இடுப்பெலும்பின் முன்பக்க வளைவை ஒட்டிச் சிறுநீர்க் குழாய் இறங்குகிறது. விறைப்புக்கான மெல்லிய நரம்புகளும் ரத்தக் குழாயும் அதன் பக்கத்திலேயே போகின்றன. எலும்பு உடைந்து விலகும்போது எல்லாமே சேர்ந்து இழுபடும். "ஆபரேஷன்தான் கெடுத்துடுச்சு" என்று வீட்டில் பழி சொல்வார்கள். பெரும்பாலும் அந்தச் சேதம் விபத்து நடந்த நிமிஷத்திலேயே ஆகிவிடுகிறது.

விபத்தில் இடுப்பில் அடிபட்டவருக்குச் சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் இறங்காவிட்டாலோ, ஆஸ்பத்திரியில் அதை முதலில் சொல்லுங்கள். முக்கிப் போகச் சொல்லாதீர்கள். இந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ரப்பர் குழாயைத் தள்ளினால், பாதி கிழிந்தது முழுசாகக் கிழியலாம். மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். வயிற்றில் குழாயைப் பார்த்து உறவுக்காரர்கள் அலறுவதுண்டு. அது தற்காலிக ஏற்பாடுதான். வழக்கமாக மூன்று மாதமாவது ஆறவிட்டு, அறுந்ததை இணைப்பார்கள்.

விறைப்பு தானாகத் திரும்ப ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம். எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது. நான் முதலில் கேட்பது, விடியற்காலையில் தூக்கத்தில் விறைப்பு வருகிறதா என்று. நன்றாக வந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் வேலை செய்கின்றன, பயம்தான் தடுக்கிறது என்று கொள்ளலாம். இவருக்கு அரைகுறையாக வந்தது. அதாவது, நரம்பு முழுசாக அறுபடவில்லை.

அறுந்த நரம்பை ஒட்டும் லேகியம் எங்கள் சித்த வைத்தியத்தில் கிடையாது. சொல்லக் கூச்சமில்லை. 'மூலிகை' என்று விற்கும் சில சரக்குகளில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்து.

டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி சிறுநீரகப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே ஊசி போட்டு டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். நரம்பு கொஞ்சமாவது மிச்சமிருந்தால்தான் அது பேசும். பேசாவிட்டால் குறியில் போடும் ஊசி, வெற்றிடக் குழாய், கடைசியாக உள்ளே வைக்கும் செயற்கைக் கருவி என்று வழிகள் உண்டு.

இவருக்கு அதுவரை போகவில்லை. விபத்து நடந்து 15-வது மாதம் அந்த அம்மாள் தனியாக வந்தார். "மாத்திரையைப் பாதியா குறைச்சிருக்காங்க டாக்டர்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.