பெட்டி இறங்கும் முன் அறையைப் பாருங்கள், வார்டன் மேடம்!

டிசம்பரில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் கல்லூரி விடுதிகளின் வாசலில் கார்கள் நிற்கும். அப்பா டிக்கியைத் திறப்பார், அம்மா பக்கெட்டையும் தலையணையையும் உள்ளே திணிப்பார், மகள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்வாள். காஷன் டெபாசிட் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

வருட முடிவில் எல்லோரும் காலி செய்யும்போது விடுதிக்கு ஒரு நடைமுறை இருக்கும்: படிவம், வரிசை, குறித்த தேதி. பாதி வருடத்தில் ஒருத்தி மட்டும் கிளம்பினால் அது எதுவும் இல்லை. அதனால் அவள் எழுதும் கடிதம்தான் அங்கே நடைமுறை. ‘சொந்தக் காரணங்களால் விடுதியைக் காலி செய்கிறேன், அனுமதிக்க வேண்டுகிறேன்’ என்று மூன்று வரி எழுதினால் கிளம்ப அனுமதி கிடைக்கும். பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லாததால், பணமும் அதோடு நின்றுவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதி. மூவர் தங்கும் அறை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, குடும்பம் கல்லூரி இருக்கும் ஊருக்கே குடிவந்துவிட்டதால், டிசம்பர் 12-ம் தேதி காலி செய்கிறாள். சேரும்போது காஷன் டெபாசிட் 10,000 ரூபாயும் மெஸ் அட்வான்ஸ் 5,000 ரூபாயும் கட்டியிருக்கிறாள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

மெஸ் ‘டிவைடிங் சிஸ்டம்’. மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அடுத்த மாதம் பில் போடுவார்கள். நவம்பருக்கு நாள் ஒன்றுக்கு 124 ரூபாய், 30 நாளைக்கு 3,720. இதை அவள் இன்னும் கட்டவில்லை. டிசம்பரில் 12 நாள் சாப்பிட்டதற்கு என்ன விலை என்பது ஜனவரி முதல் வாரத்தில்தான் தெரியும். ‘மெஸ் பில் வரட்டும், பார்க்கலாம்’ என்று ஆபீஸில் சொல்வது வெறும் சாக்கு அல்ல. டிசம்பர் விலை 130 ரூபாய் என்று வந்தால் 1,560. இரண்டும் சேர்த்து 5,280. மெஸ் அட்வான்ஸ் போக 280 ரூபாய் பாக்கி. அதை காஷன் டெபாசிட்டில் கழித்தால் அவளுக்கு வர வேண்டியது 9,720.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. மெஸ் கணக்கு நிற்பது அவள் கிளம்பிய நாளில் அல்ல, மெஸ் ரிஜிஸ்டரில் பெயரை அடித்த நாளில். வார்டனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு மெஸ் மேனேஜரிடம் சொல்லாமல் போனால், டிசம்பர் 31 வரை சாப்பிட்டதாகவே பில் வரும்.

இது வரைக்கும் வெறும் கூட்டல் கழித்தல்தான். எனக்கு உண்மையில் கவலை தருவது அறைச் சோதனை.

அந்த அறையில் ஜன்னல் கண்ணாடி ஒன்று செப்டம்பரிலேயே உடைந்துவிட்டது. மாற்ற 600 ரூபாய். மூவருக்கும் ஆளுக்கு 200. அவள் கிளம்பும் நாளில் யாரும் அறையைப் பார்க்கவில்லை என்று வையுங்கள். வருட முடிவில்தான் பார்க்கிறார்கள். அதற்குள் ஃபேன் ரெகுலேட்டர் போயிருக்கிறது, 450. அலமாரிப் பூட்டு உடைந்திருக்கிறது, 300. மொத்தம் 1,350. எது எப்போது உடைந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே மூன்றால் வகுத்து ஆளுக்கு 450. டிசம்பரில் போனவள், ஏப்ரலில் உடைந்த பூட்டுக்கும் பங்கு கட்டுகிறாள்.

கூடுதலாகப் போனது 250 ரூபாய்தான். ஆனால் அந்த 250-க்காக, சேதக் கணக்கு முடியவில்லை என்ற பெயரில், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஜூன் வரை ஆபீஸில் கிடக்கும். நூற்றுக்கணக்கான அறைகளுக்கு இரண்டே ஊழியர்களை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் சோதனை நடத்த முடியாது என்பார்கள் வார்டன்கள். சிரமம்தான். ஆனால் ஒரு அறையைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

ஆகவே கடிதத்தின் முதுகெலும்பு சோதனைத் தேதிதான். குறைந்தது பத்து நாள் முன்னதாக, டிசம்பர் 1-ம் தேதியே, இப்படி எழுதலாம்:

பெறுநர்: வார்டன் அவர்கள், பெண்கள் விடுதி.
பொருள்: அறையைக் காலி செய்தல், பாக்கி நேர் செய்தல், காஷன் டெபாசிட் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பம் இவ்வூருக்கே குடிவந்துவிட்டதால் டிசம்பர் 12 அன்று அறையைக் காலி செய்கிறேன். அன்று இரவு உணவுக்குப் பின் மெஸ் ரிஜிஸ்டரில் என் பெயரை நீக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

நவம்பர் பில்லையும் டிசம்பர் 12 நாள் பில்லையும் என் மெஸ் அட்வான்ஸில் நேர் செய்து, குறைவு இருந்தால் காஷன் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

டிசம்பர் 11 மாலை, என் அறைத் தோழிகள் இருக்கும்போது அறையைச் சோதித்து, அன்றைய நிலையைக் குறித்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துள்ளது. அதில் என் பங்கை ஏற்கிறேன்.

மீதித் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். டெபாசிட் ரசீது நகலும் பாஸ்புக் முதல் பக்க நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மாணவி கையொப்பம், பெற்றோர் கையொப்பம்

உடைந்த கண்ணாடியை நாமே சொல்வதா என்று சிலர் தயங்குவார்கள். சொன்னதுதான் பாதுகாப்பு. இருப்பது இது ஒன்றுதான் என்று பதிவாகிவிட்டால், பின்னால் சேர்வதெல்லாம் அவளுடையதல்ல என்பதும் சேர்ந்தே பதிவாகிறது.

கடிதத்தில் விட வேண்டியதும் ஒன்று உண்டு: மிச்சமுள்ள மாதங்களின் அறை வாடகை. வருடத்துக்கு மொத்தமாக வாங்கும் வாடகையைப் பாதியில் திருப்பித் தருவதில்லை என்று பல விடுதிகள் விதிப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். கேட்க வேண்டுமென்றால் தனி மனுவாகக் கேளுங்கள். இதே தாளில் எழுதினால், வாடகை முடிவாகும் வரை டெபாசிட்டும் அந்தக் கோப்பிலேயே தூங்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பைக் காட்டி வாதாடவும் வேண்டாம். காப்புத் தொகையை முழுதாகத் திருப்ப வேண்டும் என்று அது சொல்வது, படிப்பையே விட்டு விலகுகிறவர்களுக்கு.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை நாளில் கட்டில், மேஜை, நாற்காலி, ஃபேன், ரெகுலேட்டர், டியூப்லைட், அலமாரி, பூட்டு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ‘அறை நன்றாக உள்ளது’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. சாவியை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் போகாமல், ஆபீஸில் கொடுத்து அதே தாளில் ‘சாவி பெறப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள்.

அந்தத் தாளின் நகல் ஒன்றை அறைத் தோழிகளும் வைத்துக்கொள்ளட்டும். காலியான கட்டிலுக்கு ஜனவரியில் புதிதாக ஒருத்தி வந்தால், செப்டம்பரில் உடைந்த கண்ணாடிக்கு அவளிடம் யாரும் கை நீட்டக் கூடாதல்லவா?