பதிவேட்டில் இல்லாதவர்களைத் தேடி

சிகிச்சையின்றியே ஹெராயினைக் கைவிட்டவர்களை எங்கே தேடுவது? மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இராது. பழைய வாழ்வை அண்டை வீட்டாரிடமும் மறைத்திருப்பர். அமெரிக்க ஆய்வாளர்கள் பியர்னாக்கியும் வால்டார்ஃபும் இத்தகையோரைத் தேடிய அனுபவத்தை 1981இல் கட்டுரையாக்கினர்.

யார் ஆய்வுக்குத் தகுந்தவர் என முன்பே வரையறுத்துத் தேர்ந்தெடுப்பது நோக்கமுறை மாதிரித் தேர்வு. அவர் தம்மைப் போன்றவரை அறிமுகம் செய்ய, எண்ணிக்கை பெருகுவது பனிப்பந்து முறை. அந்தப் பந்து தானாக உருளும் என்பது மயக்கமே. ஒரே நட்பு வட்டத்துக்குள் சங்கிலி நீண்டால், இருபது பேரிடம் கேட்டாலும் ஒரே கதைதான் கிடைக்கும். எனவே ஒருவர் வழியே சிலரோடு நிறுத்தி, தொடர்பற்ற வேறிடங்களில் புதிய சங்கிலிகளைத் தொடங்க வேண்டும். வந்தவர் உண்மையிலேயே அப்பழக்கத்தில் இருந்தவரா என்பதையும் பிறர் வழி சரிபார்க்க வேண்டும்.

அப்போதும் நண்பரின்றித் தனித்து வாழ்பவர் விடுபடுவார். ஆகவே எத்தனை சதவீதத்தினர் மீண்டனர் என்று இம்முறை கூறாது. எவ்வாறு மீண்டனர் என்பதையே கூறும்.