சாம்பல் நிறத்துக்கு ஒரு பெயர்

ஒரு மருந்துக் கடையின் செயலியை எடுத்துக்கொள்வோம். மருந்துப் பட்டியல், பில், பழைய ஆர்டர்கள் என மூன்றே திரைகள். மூன்றிலும் காலாவதித் தேதி சின்னச் சாம்பல் எழுத்தில் வருகிறது. ஆனால் ஒன்றில் அந்தச் சாம்பல் `#999999`, அடுத்ததில் `#777777`, மூன்றாவதில் `#767676`. திரைக்கு ஒருவர் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

பின்னிரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், அளந்தால் அப்படியில்லை. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல்தன்மை வழிகாட்டி. வெள்ளைப் பின்னணியில் `#767676` 4.54 வாங்கித் தேறுகிறது, `#777777` 4.48-இல் தவறிவிடுகிறது. `#999999`-க்கு 2.85தான்.

எண்ணைத் திரைதோறும் எழுதாமல் ஒரே இடத்தில் எழுதி, பெயர் வைத்து, எல்லாரும் அந்தப் பெயரையே பயன்படுத்துவதுதான் வழி. அப்படிப் பெயர் பெற்ற மதிப்புக்கு டிசைன் டோக்கன் என்று பெயர். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் ஜீனா ஆனும் ஜான் லெவினும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது.

```css
:root {
  --gray-600: #767676;
  --text-muted: var(--gray-600);
  --space-2: 8px;
  --space-4: 16px;
  --text-body: 1rem;
}
```

முதல் இரண்டு வரிகளில்தான் சூட்சுமம். `--gray-600` நிறத்தைச் சொல்கிறது. `--text-muted` அதன் வேலையைச் சொல்கிறது. திரைகள் இரண்டாவதை மட்டுமே அழைக்க வேண்டும். இரவு நேரக் கறுப்புத் திரை வரும்போது அங்கே `--text-muted`-ஐ வெளிறிய சாம்பலுக்குத் திருப்பினால் போதும், மூன்று திரைகளும் மாறிவிடும். திரைகள் `--gray-600`-ஐ நேராக அழைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதுதான்.

இடைவெளியில் இவ்வளவு சிக்கல் இல்லை. 4, 8, 16, 24, 32 பிக்சல் என்று ஐந்து படிகள் சின்னச் செயலிக்குத் தாராளம். யாராவது 13 கேட்டால், பெரும்பாலும் பிசகு வேறெங்கோ இருக்கிறது. எழுத்தளவை `rem`-இல் வைப்பது நல்லது. பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவருக்குச் செயலியும் கூடவே பெரிதாகும். தமிழ்த் திரையென்றால் வரி உயரத்துக்கும் ஒரு டோக்கன் வேண்டும். மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளாமல் இருக்க 1.6 மடங்கில் தொடங்கிப் பார்க்கலாம்.

ஒழுங்கு குலைவதைக் கண்டுபிடிக்க, டோக்கன் கோப்பைத் தவிர மற்றவற்றில் `#` என்று தேடிப் பாருங்கள். நேராக எழுதிய நிறங்கள் அகப்படும். அந்தத் தேடலில் சிக்காத கோளாறு ஒன்று உண்டு. பில்லின் கோடுகளுக்கும் யாரோ `--text-muted`-ஐயே போட்டிருப்பார்கள். கோடு அடர்த்தியாகத் தெரிகிறதே என்று மதிப்பை வெளிறச் செய்ததும் மூன்று திரைகளிலும் தேதி மங்கிப்போகும். மதிப்பைப் பழையபடி வைத்துவிட்டு, கோட்டுக்கு `--border` என்று தனி டோக்கன் கொடுத்துவிட வேண்டும்.