அகராதியில் ஒரு சொல்லுக்கு ஓர் இடம்

பள்ளிப் பிள்ளை ஒன்று அகராதியைப் புரட்டி, 'அகம்' என்ற சொல்லைத் தேடுகிறது. 'அக்கா' முன்னால் நிற்கிறது. அகம் எங்கோ பின்னால் கிடக்கிறது. 'அன்பு' இன்னும் தள்ளி, அகரப் பகுதி முடியப்போகும் இடத்தில் இருக்கிறது. சொற்களை இப்படி நிறுத்தும் விதி என்ன, அது எப்போதாவது குழம்புமா என்று இன்று பார்ப்போம்.

முதலில் எழுத்துகளின் வரிசை வேண்டும். உயிர் பன்னிரண்டு, பிறகு ஆய்தம், பிறகு ககர மெய்யும் அதன் உயிர்மெய்களும். இப்படியே னகரம் வரை 247 எழுத்துகள். க் என்ற மெய், க என்ற உயிர்மெய்க்கு முன் வரும். அதனால்தான் அக்கா, அகத்தை முந்திக்கொள்கிறது. 'ன்' கடைசி மெய்யாதலால் அன்பு கடைசிக்குப் போய்விட்டது.

இனி விதி. இரண்டு சொற்களை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். முதன்முதலில் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்த ஓர் இடமே முடிவு சொல்லும். அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளுக்குப் பேச்சில்லை. வேறுபாடு தெரியுமுன் ஒரு சொல் முடிந்துபோனால், முடிந்த சொல்லே முன்னால் நிற்கும். ஆகவே 'பல்' முந்தி, 'பல்லி' பிந்தி. முடிந்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருப்பதாகவும், அது எல்லா எழுத்துக்கும் முந்தியதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு விதியும் ஒன்றாகிவிடும்.

இந்த விதி சொற்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துமானால் அதை முழு வரிசை என்பார்கள். அதற்கு மூன்று சோதனை உண்டு.

வேறு வேறான எந்த இரு சொல்லை எடுத்தாலும், ஒன்று மற்றதற்கு முந்த வேண்டும். வேறு சொற்களாக இருப்பதால் எங்கோ ஓரிடத்தில் வேறுபட்டே தீரும். அந்த இடத்தில் எழுத்து வரிசை தீர்ப்புச் சொல்லிவிடும். இது முதல் சோதனை. எழுத்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அடுக்கியிருந்தால், 'பல்'லும் 'கல்'லும் சமமாகி நின்றிருக்கும்.

இரண்டாவது, ஒன்றையொன்று இரண்டும் முந்தக் கூடாது. முதல் வேறுபாடு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். அங்கே ஓர் எழுத்துத்தான் முந்தியது. ஆகவே இதுவும் சரி.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. முதல் சொல் இரண்டாவதற்கு முந்தி, இரண்டாவது மூன்றாவதற்கு முந்தியானால், முதல் சொல் மூன்றாவதற்கும் முந்த வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். பிள்ளைகள் கையைக் காட்டி விளையாடும் பறவை, கல், தண்ணீர் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். கல் பறவையை வெல்லும், பறவை தண்ணீரைக் குடித்துவிடும், தண்ணீரோ கல்லை மூழ்கடிக்கும். அந்த மூன்றையும் வரிசையில் நிறுத்த யாராலும் ஆகாது.

சொற்களுக்கு அந்தச் சிக்கல் வருமா? பட்டம், பட்டு, பண் என்ற மூன்றை எடுப்போம். பட்டமும் பட்டும் மூன்றாம் எழுத்தில் பிரிகின்றன. ட, டு-வுக்கு முந்தியது. பட்டும் பண்ணும் இரண்டாம் எழுத்திலேயே பிரிகின்றன. ட், ண்-க்கு முந்தியது. இப்போது பட்டத்தையும் பண்ணையும் நேராக ஒப்பிடுங்கள். இரண்டாம் எழுத்து வரை பட்டமும் பட்டும் ஒன்றே. ஆகவே பட்டுக்குக் கிடைத்த தீர்ப்பே பட்டத்துக்கும் கிடைக்கும். பட்டு, பல், பல்லி என்று எடுத்தால் முந்திய பிரிவு முதல் ஜோடியில் இருக்கும். அப்போதும் கதை இதுவே. இரண்டு பிரிவும் ஒரே இடத்தில் வந்தால், பட்டு, பல், பன்றி போல, ட், ல், ன் என்ற எழுத்து வரிசையே முடித்துவிடும். வேறு வகை இல்லை. எனவே சுழற்சி வராது.

இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. 'பட்டு'க்கும் 'பண்'ணுக்கும் நடுவே இருக்க வேண்டிய சொல் அங்கே இல்லையென்றால், அந்த அகராதியிலேயே அது இல்லை என்று துணிந்து சொல்லலாம். மற்றப் பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

எழுத்துக்குப் பதிலாக எண்களின் தொகுதியையும் இதே விதியால் அடுக்கலாம். நமது மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 1964 நவம்பர் 20-இல் பிறந்தவர் 641120. 1965 ஏப்ரல் 3-இல் பிறந்தவர் 650403. மூத்தவர் முன்னால் நிற்கிறார். நாளை முதலில் எழுதியிருந்தால் 201164, 030465 என்றாகி, இளையவர் முந்தியிருப்பார். எந்த இடம் முதலில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம்.

ஆனால் 2001 ஜனவரி 9-இல் பிறந்த பேரனின் எண் 010109. அடுக்கினால் பேரன் தாத்தாவுக்கு முன்னால் நிற்பான்! வரிசை இன்னும் முழு வரிசைதான். மூன்று சோதனையிலும் தேறும். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதால் அது வயது வரிசையாக இல்லை, அவ்வளவே. 19641120, 20010109 என்று நான்கு இலக்கத்தில் ஆண்டை எழுதி அடுக்கினால் தாத்தா தம் இடத்துக்கு வந்துவிடுவார்.