பதினைந்தாவது நாள் எது? காசோலை நோட்டீஸும் அதன் கெடுவும்

பணமின்றித் திரும்பிய காசோலைக்காக வரும் வக்கீல் நோட்டீஸைத் தம்மீது தொடரப்பட்டுவிட்ட வழக்கு என்றே பல வியாபாரிகள் எடுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர், பாக்கி கேட்டு வரும் இன்னொரு கடிதம் என்று அதை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுகின்றனர். இரண்டுமே தவறு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் உள்ள 138ஆம் பிரிவு, காசோலை திரும்பியதை மட்டும் குற்றமாக்கவில்லை. திரும்பிய பின் எழுத்து மூலம் பணம் கேட்கப்பட்டு, அந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து பதினைந்து நாள்களுக்குள்ளும் பணம் தரப்படாதபோதுதான் குற்றம் முழுமையடைகிறது என்று அது வகுத்துள்ளது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இப்பிரிவு, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடமளிக்கிறது. இத்தனை கடுமையான தண்டனைக்கு முன்னால் சட்டம் திறந்துவைத்திருக்கும் கடைசி வாசல்தான் அந்தப் பதினைந்து நாள். நோட்டீஸில் ஒரே வரியில் எழுதப்படும் அதை எப்படி எண்ணுவது என்பதை வியாபாரிக்கு விளங்கச் சொல்பவர்கள் குறைவு.

ஈரோட்டில் துணி வியாபாரம் செய்யும் ஒருவர், நூல் வாங்கிய வகையில் 2,40,000 ரூபாய்க்கு 2025 ஜனவரி 10 என்று தேதியிட்ட காசோலை ஒன்றைக் கொடுத்தார் எனக் கொள்ளலாம். எழுதப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் வரை காசோலை செல்லும் என்பதால், நூல் வியாபாரி அதை பிப்ரவரி இறுதியில் வங்கியில் போடுகிறார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று எழுதிய துண்டுத்தாளோடு, அதாவது வங்கியின் ரிட்டர்ன் மெமோவோடு, காசோலை மார்ச் 3 அன்று அவரிடம் திரும்பி வருகிறது. அந்தத் தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாள்களுக்குள், அதாவது ஏப்ரல் 2க்குள், அவர் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அவருடைய வக்கீல் மார்ச் 17 என்று தேதியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறார். துணிக்கடையில் அது மார்ச் 24 அன்று கையெழுத்திட்டு வாங்கப்படுகிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கடிதத் தலைப்பில் உள்ள மார்ச் 17ஐக் கொண்டு எண்ணுபவர், ஏப்ரல் 1 ஆனதும் காலம் போய்விட்டதென்று கைவிட்டு, உண்மையில் எஞ்சியிருக்கும் ஒரு வாரத்தை வீணே இழந்துவிடுகிறார். சட்டம் பார்ப்பது கடிதம் எழுதப்பட்ட நாளை அன்று, அது வந்து சேர்ந்த நாளையே. சேர்ந்த மார்ச் 24ஐ ஒதுக்கிவிட்டு, 25ஐ முதல் நாளாகக் கொண்டால் பதினைந்தாவது நாள் ஏப்ரல் 8. இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளும், வங்கிகள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் ஏப்ரல் 1ஆம் நாளும் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை என்பதால், கடைசி நாள் மாலை வரை காத்திருப்பது ஆபத்தானது.

தபால்காரர் வரும்போது கடையில் இல்லாததுபோல் நடந்துகொள்வதும், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதும் கெடுவைத் தள்ளிவைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட கடிதம் சேர்ந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். சேரவில்லை என்று காட்டும் பொறுப்பு அதை மறுப்பவரையே சாரும். மறுத்தவருக்கு, கடிதத்தில் என்ன கேட்கப்பட்டது என்பதே தெரியாமல் நாள்கள் ஓடிவிடும்.

கேட்கப்படும் தொகையையும் பிரித்துப் படிக்க வேண்டும். நோட்டீஸில் காசோலைத் தொகையோடு 18 சதவீத வட்டி, வக்கீல் கட்டணம் என்று வேறு இனங்களும் சேர்ந்து வருவதுண்டு. அந்த மொத்தத்தைக் கண்டு மலைத்து ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுபவர் பலர். ஆனால் 138ஆம் பிரிவின்படி அந்தக் காலத்துக்குள் தரவேண்டியது காசோலையில் எழுதிய தொகையே என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவாக்கியுள்ளது. எடுத்துக்காட்டில் வரும் வியாபாரி 2,40,000 ரூபாயை ஏப்ரல் 8க்குள் செலுத்திவிட்டால் குற்ற வழக்குக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது; வட்டி குறித்த தகராறு இருந்தால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய தனி விவகாரம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்பி, காசோலை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்தால், அது எதற்காகத் தரப்பட்டது என்ற கேள்வி பின்னர் எழாது.

பாதித் தொகை கொடுப்பது வேறு சங்கதி. நோட்டீஸ் வந்த பின் 40,000 ரூபாயைக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்பவர் குற்றத்திலிருந்து விடுபடுவதில்லை. எதிர்த்தரப்பு வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருந்தாலும் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதே 40,000 ரூபாய், காசோலை கொடுத்த பின்னும் அது வங்கியில் போடப்படும் முன்னும் செலுத்தப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழாக மாறும். பணம் பெற்றவர் அதைக் காசோலையிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போடாமல், முழுத் தொகைக்கும் போட்டுத் திரும்பினால், அந்தக் காசோலை அன்று உண்மையில் இருந்த கடனைக் குறிக்காததால் 138ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் ஆகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வியாபாரி, பணம் சென்ற நாளைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தோடு உடனே பதில் நோட்டீஸ் அனுப்புவதும், உண்மையில் பாக்கியுள்ள 2,00,000 ரூபாயை அதே காலத்துக்குள் கட்டிவிடுவதும் நலம்.

பதில் அனுப்பியே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும் மௌனமாக இருந்துவிட்டு, சரக்கு மட்டமாக இருந்தது என்று விசாரணையின்போது முதன்முறையாகச் சொல்பவரை நீதிமன்றம் எளிதில் நம்புவதில்லை. கையெழுத்துத் தம்முடையதே என்று ஒப்புக்கொண்டபின், காசோலை ஏதோ ஒரு கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் ஊகிக்கிறது. வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு வைத்திருந்ததாகச் சொல்வதால் மட்டும் அந்த ஊகம் கலையாது. அதைக் கலைக்க வல்லவை சரக்கு திருப்பியனுப்பிய ரசீதும், பேரேட்டுப் பதிவும், அந்நாளைய கடிதங்களும்தாம்.

ஏப்ரல் 8 கழிந்தும் பணம் வராவிட்டால், மறுநாள், அதாவது ஏப்ரல் 9 அன்று, நூல் வியாபாரிக்கு வழக்குரிமை பிறக்கிறது. அந்த நாளை ஒதுக்கி ஒரு மாதம் எண்ண, மே 9 வரை அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை மன்னிக்கலாம் என்பதால், மே 9 கடந்துவிட்டது என்று கடன்பட்டவர் நிம்மதி கொள்வதற்கில்லை. மாறாக, பதினைந்து நாள் முடியும் முன்பே போடப்பட்ட புகார் செல்லாது. நோட்டீஸ் உண்மையிலேயே கைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்பவருக்கு, நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டுப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கோரும் வழியை 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று திறந்துவைத்துள்ளது. அந்தக் காலத்துக்குள்ளும் பணம் கட்டாதவர், நோட்டீஸ் வரவில்லை என்ற வாதத்தை அதன்பின் எழுப்ப முடியாது.