ஐந்து லட்சம் எப்படி வந்தது? மருத்துவ உதவி கேட்கும் படிவத்தை எழுதுவது பற்றி

மிலாப், கெட்டோ, இம்பாக்ட் குரு போன்ற இணையத் தளங்களின் விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. படுக்கையில் ஒரு குழந்தை, மூக்கில் குழாய், கீழே ஒரு தொகை. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பது பல பக்கங்களில் தெரியாது. படிக்கிறவர் மனம் இளகினாலும், ‘பதினைந்து லட்சம் என்கிறார்களே, எதற்குப் பதினைந்து?’ என்ற கேள்வியோடு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கேள்விக்குப் படிவத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான படிவங்கள் முதலில் கதையைக் கேட்கின்றன, பிறகு தொகையை, கடைசியில் ஆவணங்களை. இதைத் தலைகீழாக நிரப்ப வேண்டும் என்பது என் கருத்து. முதலில் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்களிலிருந்து தொகை வரட்டும். தொகை முடிவான பிறகு கதையை எழுதுங்கள். கதையை முதலில் எழுதியவர் பயத்தில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு, பிறகு அதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கும். பொய் சொல்ல நினைக்காத குடும்பங்கள்கூட மிகைப்படுத்துவது இப்படித்தான்.

கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் திண்டுக்கல். அப்பா, நான்கு பேர் மட்டும் வேலை பார்க்கும் வண்டி உதிரிபாகக் கடையில் இருக்கிறார்; மாதம் 18,000 ரூபாய் சம்பளம். ஆறு வயது மகளுக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்து, அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சை நீண்டது. முதல் மாதமும் அதையடுத்த சில மாதங்களும் தீவிரமான கீமோதெரபி. அதன்பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மாத்திரை. செலவில் பெரும்பங்கு முன்பகுதியில் வருகிறது.

இந்தக் குடும்பம் முதலில் வாங்க வேண்டியது மருத்துவமனையின் எஸ்டிமேட். துண்டுச்சீட்டில் எழுதித் தந்த தொகையை எஸ்டிமேட் என்று சொல்ல முடியாது. மருத்துவமனையின் லெட்டர்ஹெட், குழந்தையின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், நோயின் பெயர், சிகிச்சையின் எந்தக் கட்டத்துக்கான தொகை, தேதி, மருத்துவரின் கையொப்பம், முத்திரை ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். பில்லிங் பிரிவில் கேட்டால் தருவார்கள். கேட்கும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்: இந்தத் தொகை எத்தனை மாதச் சிகிச்சைக்கு, இதில் எவையெல்லாம் சேரவில்லை. நம் குடும்பத்துக்குக் கிடைத்த எஸ்டிமேட்டில், ‘எட்டு மாதத் தீவிர சிகிச்சைக்கு 7,50,000 ரூபாய், தொற்று ஏற்பட்டு ஐ.சி.யூ. தேவைப்பட்டால் அது தனி’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படிவத்தில் 7,50,000 என்று போட்டுவிட்டால் ஆவணம் பொருந்தும். ஆனால் கணக்கு உண்மையாக இராது. மருத்துவமனை கேட்பது ஒரு தொகை, குடும்பத்துக்குக் குறைவது வேறொரு தொகை. அப்பாவிடம் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பரிசோதனைக்கும் முதல் அட்மிஷனுக்கும் வந்த 1,45,000 ரூபாய் பில்லில் காப்பீட்டு நிறுவனம் 1,10,000 கொடுத்துவிட்டது. மீதி 35,000 ரூபாயை நகை அடகு வைத்துக் கட்டினார்கள். ஆக, காப்பீட்டில் மிச்சம் இருப்பது 1,90,000. பாலிசியைப் புதுப்பித்தது நோய் தெரிவதற்கு முந்தைய மாதம்தான். எனவே தீவிர சிகிச்சை முடிவதற்குள் புதிய வரம்பு எதுவும் கிடைக்காது. இடையில் புதுப்பிக்கும் தேதி வருவதாக இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்று தேவை குறைந்துவிடும்.

7,50,000 ரூபாயில் 1,90,000 போனால் 5,60,000. முதிர்ந்த சீட்டுப் பணம் 60,000 இருக்கிறது. மீதி 5,00,000. தாய்மாமன் 40,000 கொடுத்திருக்கிறார். எட்டு மாதத்துக்குப் பேருந்து, சாப்பாடு, மதுரையில் தங்கல் என்று மாதம் 5,000 வீதம் அது சரியாகப் போய்விடும். ஆகவே ஊரார் உதவி வேண்டியது ஐந்து லட்சம். அந்த ஐந்து லட்சமும் மருத்துவமனைக் கட்டணத்துக்கே. இப்படி அமைந்தால் ஒரு வசதி உண்டு: பணத்தைத் தளத்திலிருந்து நேரடியாக மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும்படி கேட்கலாம். அப்பாவின் கணக்கைத் தொட வேண்டியதே இல்லை.

இன்னொரு சின்னக் கணக்கிலும் பலர் தவறிவிடுகிறார்கள். சில தளங்கள் சேவைக் கட்டணம் எடுக்கின்றன. சில அதை வாங்காமல் கொடுப்பவரிடம் விருப்பத் தொகை கேட்கின்றன. பணப் பரிமாற்றக் கட்டணமும், கட்டணங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் இருக்கலாம். தளத்தின் விதிகளைப் படித்து, எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 5 சதவீதம் என்று வைப்போம். ஐந்து லட்சத்தோடு அதில் 5 சதவீதத்தைக் கூட்டி 5,25,000 கேட்டால், பிடித்தம் போகக் கைக்கு வருவது 4,98,750 தான். ஐந்து லட்சத்தை 0.95-ஆல் வகுக்க வேண்டும், 5,26,316 வரும். முழுத் தொகையாக்கி 5,26,500 என்று போடலாம். போட்டுவிட்டு, ‘இதில் 26,500 வரை தளத்தின் பிடித்தம்’ என்றும் எழுதிவிட வேண்டும்.

‘கேட்டது முழுசா எங்க வரப்போகுது, பத்து லட்சம்னு போடு’ என்று யோசனை சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் கேட்க வேண்டாம். எஸ்டிமேட்டில் 7,50,000 இருக்கும்போது பக்கத்தில் 10,00,000 இருந்தால், தளத்தில் சரிபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர்கள் கண்ணில் படாவிட்டாலும் கவனமாகப் படிக்கிற ஒருவர் கண்ணில் படும். தொற்று வந்து ஐ.சி.யூ. செலவு கூடினால், அன்று மருத்துவமனையிடம் புதிய எஸ்டிமேட் வாங்கி, அதைப் பதிவேற்றி, காரணம் சொல்லித் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். வரக்கூடிய செலவை வந்துவிட்டதாக எழுத வேண்டியதில்லை. வரக்கூடும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

கட்டி முடித்த 35,000 ரூபாயைக் கேட்கலாமா? கேட்கலாம், தவறில்லை. ஆனால் ‘நகை அடகு வைத்துக் கட்டிய பழைய பில்’ என்று தனி வரியில் ரசீதோடு கேட்க வேண்டும். இனி வரப்போகும் சிகிச்சைச் செலவோடு கலக்கக் கூடாது. நம் குடும்பம் அதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கதைக்கு வரலாம். கதையில் கண்ணீரைவிட முக்கியமாக ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ‘அரசுக் காப்பீடு இல்லையா? அரசு மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ ஏன் போகவில்லை?’ தமிழ்நாட்டில் படிக்கிற எவருக்கும் இது தோன்றும், தோன்றுவதும் நியாயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. இந்த அப்பாவின் ஆண்டுச் சம்பளம் 2,16,000. கடையில் வேலை பார்ப்பவர்கள் நான்கே பேர் என்பதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. மதுரையிலேயே தொடர்வதற்குக் காரணம், முதல் கட்டச் சிகிச்சை அங்கே தொடங்கிவிட்டது, கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் உடனே போய்ச் சேரும் தூரம் வேண்டும். இந்தக் காரணங்களை உள்ளபடி எழுதினால் போதும். குறைந்த செலவில் பார்க்கும் இடம் இருப்பது தெரிந்தும் இந்த மருத்துவரையே நம்பி இருந்துவிட்டார்கள் என்றாலும் அதையே எழுதலாம். படிப்பவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஏமாற மாட்டார்.

இந்தக் குடும்பத்தின் வரிகள் இப்படி அமையலாம்:

‘எங்கள் மகளுக்கு ஆறு வயது. சென்ற மாதம் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குணமாக நல்ல வாய்ப்பு இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். எட்டு மாதத் தீவிர சிகிச்சைக்கு மருத்துவமனை 7,50,000 ரூபாய் கணக்கிட்டிருக்கிறது. காப்பீட்டில் 1,90,000 மீதி இருக்கிறது; அது முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். எங்கள் பங்கு 60,000. குறைவது 5,00,000. அதன்பின் வரும் மாத்திரைச் செலவை நாங்களே பார்த்துக்கொள்வோம். தொற்று ஏற்பட்டால் செலவு கூடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் ஆதாரத்தோடு இங்கே தெரிவிப்போம்.’

‘இரண்டு நாளில் பணம் கட்டாவிட்டால் குழந்தை பிழைக்காது’ என்ற வரி இதில் இல்லை, கவனியுங்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை என்றால் எழுதக் கூடாது. கட்ட வேண்டிய தவணைக்குத் தேதி இருந்தால் அந்தத் தேதியைப் போடலாம். புகைப்படமும் அப்படித்தான். இந்தப் பக்கத்தை இன்னும் பத்து ஆண்டு கழித்து அவளே தேடிப் படிப்பாள். அழும் முகமோ, முடி கொட்டிய தலையோ போடாமலும் உதவி கேட்க முடியும்.

ஆவணங்களில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். குழந்தையின் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், மருத்துவமனைச் சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிக் கணக்கில் வேறு எழுத்துக்கோர்வை இருக்கும். சரிபார்ப்பவருக்கு இவை வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். பக்கம் நாள்கணக்கில் நிற்கும். பிறப்புச் சான்றிதழைச் சேர்த்து, ‘மூன்றும் ஒருவரே’ என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மருத்துவமனையில் பதியும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைச் சொல்வது இன்னும் நல்லது.

தளத்துக்குக் கொடுப்பது வேறு, பொதுவில் காட்டுவது வேறு. முழு ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாம் தளத்தின் சரிபார்ப்புக்கு மட்டும். பொதுப் பக்கத்தில் எஸ்டிமேட்டும் நோய் அறிக்கையும் போதும், அவற்றிலும் முகவரி, தொலைபேசி எண், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை மறைத்துவிடலாம். ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. தொகை, தேதி, மருத்துவரின் கையொப்பம் இவற்றை மட்டும் மறைக்கக் கூடாது. குழந்தையின் படத்தை எடுத்து வேறு யு.பி.ஐ. எண்ணைப் போட்டு வசூலிக்கும் மோசடிகள் உண்டு என்பதால், ‘இந்தப் பக்கத்தைத் தவிர வேறு எங்கும் நாங்கள் பணம் கேட்கவில்லை’ என்று எழுதுங்கள். கடை முதலாளியின் வாட்ஸ்அப் குழுவில் தனியாகப் பணம் சேர்கிறது என்றால் அந்த வரியை எழுத முடியாது. அங்கே சேர்ந்த தொகையை இங்கே சொல்லி, கேட்கும் தொகையில் கழித்துவிட வேண்டும். ஒரு நபருக்கு நேரடியாகக் கொடுக்கும் உதவிக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. கேட்பவர்களிடம் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படிவங்களில் அநேகமாக யாரும் எழுதாத ஒன்று, பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்பது. காப்பீடு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தரலாம், செலவு குறையலாம். குழந்தை பிழைக்காமலும் போகலாம். அந்த நாளில் பெற்றோரை உட்காரவைத்து யாரும் கணக்குக் கேட்க முடியாது. அதனால் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது அவர்களுக்கும் நல்லது: ‘மீதமாகும் தொகை, அதே மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் வேறொரு குழந்தையின் பில்லுக்குப் போகும்.’ இதற்கு மருத்துவமனையும் தளமும் சம்மதிக்கின்றனவா என்று முன்பே கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.